"எங்கட" என்ற சொல்லில் நான் தடுக்கி விழுந்த கதை

ஹட்டனுக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியராக மாற்றலாகி வந்தபோது எனக்கு வயது முப்பத்தொன்று, சொந்த ஊர் சுண்ணாகம். மலையகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேயிலைப் பெட்டியில் இருக்கிற படம் அளவுதான். முதல் மூன்று மாதம் மழையும் அட்டையும் பஸ்ஸும் பழகுவதிலேயே போயிற்று. அப்புறம் ஆசிரியர் அறையில் எனக்கென்று ஒரு இடம் அமைந்தது, ஜன்னலோரம், விஞ்ஞானம் படிப்பிக்கிற சேருக்கும் கணக்குச் சேருக்கும் நடுவே. இரண்டு பேருமே தோட்டத்தில் பிறந்து, லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கில் படித்து வந்தவர்கள். பெயர்களைத் தவிர்க்கிறேன், பாடத்தின் பெயரிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அந்த அறையில் பகல் முழுக்கப் புழங்கிய ஒரு சொல்தான் இந்தக் கதை. தோட்டக்காட்டான். இலங்கைத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், மலையகத் தமிழரை வடக்கிலும் கொழும்பிலும் இருக்கிற தமிழர்கள் கீழே வைத்துச் சொல்கிற சொல். நாகரிகம் தெரியாதவன், படிக்காதவன், யாரும் ஏவலாம் என்ற அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஆனால் இவர்கள் இருவரும் அதை ஒருவர்மேல் ஒருவர் பந்துபோல எறிந்து விளையாடுவார்கள். புது சேர்ட் போட்டுக்கொண்டு வந்தால் "தோட்டக்காட்டானுக்கு வந்த வாழ்வப் பாரு". வலயக் கல்விக் கந்தோரிலிருந்து கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்றால் "நம்ம தோட்டக்காட்டானுங்களுக்கு எவன் சேர் பதில் போடுவான்". சொல்லிவிட்டு இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள், ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு என் பக்கமும் நீட்டுவார்கள்.

எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். பனங்கொட்டை. யாழ்ப்பாணத்தானைப் பனங்கொட்டை சூப்பி என்று மற்ற ஊர்க்காரர் கேலி செய்வது பழைய வழக்கம். சேர் என்று கூப்பிட்டவர்கள் பனங்கொட்டை என்று கூப்பிடத் தொடங்கிய நாளில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். உள்ளே எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன், அதுவும் சரிதான். ஆனால் அதிலிருந்து நானாகவே ஒரு கணக்குப் போட்டேன் பாருங்கள், அவர்கள் என்னைப் பனங்கொட்டை என்கிறார்கள், ஆகவே நான் அவர்களைத் தோட்டக்காட்டான் என்று சொல்லலாம், சரிக்குச் சரி. பிழை அங்கேதான் தொடங்கியது.

இரண்டு வருஷத்தில் அறைக்குள் நான்கைந்து தடவை அந்தச் சொல்லை நானும் சொல்லியிருப்பேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்கள் என்றுதான் நினைவு. இப்போது யோசித்தால் விஞ்ஞானச் சேர் சிரித்தார், கணக்குச் சேர் ரொட்டியைப் பார்த்தார்.

ஒரு டிசம்பர் விடுமுறையில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் யாழ்ப்பாணத்திலிருந்து மலை பார்க்க வந்தான். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நால்வரும் உட்கார்ந்தோம். வெளியே மூடுபனி, உள்ளே வடை எண்ணெய்ப் புகை, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் நண்பனுக்கு அறிமுகம் செய்து வைத்தேன், தோளில் கைபோட்டுக்கொண்டு, பெருமையாக: "இவர்தான் எங்கட தோட்டக்காட்டான். கணக்கிலை புலி."

நண்பன் சிரித்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு அது, எங்கள் ஊர்த் திண்ணைகளில் கேட்கிற சிரிப்பு. கணக்குச் சேரும் சிரித்தார். அப்புறம் பாதி குடித்த பிளேன்டீயை மேசையில் வைத்தார், கோப்பையின் காதை வெளிப்பக்கம் திருப்பினார், "பஸ் வரப் போவுது சேர், வாறேன்" என்று எழுந்துவிட்டார். அவருடைய தோட்டத்துப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அன்றிரவு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்கு உறைத்தது பாடசாலை தொடங்கி எட்டு, ஒன்பது நாள் கழித்து, யாரும் என்னைப் பனங்கொட்டை என்று கூப்பிடவில்லை என்று கவனித்தபோது. சேர், சேர் என்றே இருந்தது. நான் அறைக்குள் நுழைந்தால் அந்தச் சொல்லும் எழுந்து வெளியே போய்விட்டது. ஒருவரைக் காயப்படுத்திவிட்டோமா என்று தெரிய அவர் கோபப்பட வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது, எங்கள் தமிழர் பலர் அப்படிக் கோபத்தைக் காட்டுவதில்லை. மரியாதை கூடும். கேலி நிற்கும். பெயரும் டா-வும் போய் சேர் வரும். அதுதான் அடையாளம்.

முதல் மன்னிப்பை நான் கேட்ட விதம் இருக்கிறதே, அதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம். "நான் பகிடிக்குத்தானே சொன்னனான், நீங்களே ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்கள்தானே" என்றேன். கணக்குச் சேர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சேர்" என்றார். அந்த ஒண்ணுமில்ல-வோடு கதவு சாத்தியாயிற்று. விஞ்ஞானச் சேர்தான் ஒருநாள் பாதையில் நடந்து வரும்போது வாயைத் திறந்தார். "சேர், நம்ம ரூமுக்குள்ள நீங்க சொன்னீங்க, அத விட்டுருவோம். உங்க ஊரு ஆளுக்கு முன்னால, உங்க ஊரு ஆளுக்கு அவரக் காட்டி, எங்கடன்னு சொன்னீங்க பாருங்க."

எங்கட. சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், நான் அந்த ஒரு சொல்லோடு பல நாள் குடித்தனம் நடத்தினேன்.

தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், நம்ம. கேட்பவரைத் தவிர்த்தால் நாங்கள், எங்கள். மலையகப் பேச்சில் இந்த வித்தியாசம் உயிரோடு இருக்கிறது, "நம்ம வீடு" என்பதும் "எங்க வீடு" என்பதும் ஒன்றல்ல. யாழ்ப்பாணப் பேச்சில் நாங்கள் நாம்-ஐக் கிட்டத்தட்டத் தொலைத்துவிட்டோம். ஆளைச் சேர்த்தாலும் எங்கட, விலக்கினாலும் எங்கட. நான் அன்பாய் உள்ளே இழுத்துச் சொன்னதாக நினைத்த எங்கட அவர்கள் காதில் நானும் நண்பனும் ஒரு பக்கம், அவர் மறுபக்கம் என்றே விழுந்திருக்கிறது. எங்கட மாடு, எங்கட வேலைக்காரன் என்கிற எங்கட. அதற்குப் பின்னாலேயே அந்தச் சொல்லும் வந்தால் கேட்கவா வேண்டும்.

அவர்கள் சொன்ன வாக்கியங்களை அதற்குப் பிறகுதான் திரும்பி நினைத்துப் பார்த்தேன். "நம்ம தோட்டக்காட்டானுங்களுக்கு" என்பார்கள், சொல்கிறவரும் அதற்குள்ளேயே இருப்பார். இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்வார்கள், மற்றவர் அதே சொல்லை அதே நொடியில் திருப்பி எறியலாம், அதே எடையில் போய் விழும். நான் சொன்னது படர்க்கையில். அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க, அவரைப் பற்றி, இன்னொருவருக்கு. அவர் திருப்பி எறிய என்ன இருந்தது, பனங்கொட்டையா?

அந்தப் பனங்கொட்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பனங்கொட்டை என்று சொல்லி யாரும் எனக்கு வீடு வாடகைக்குத் தர மறுத்ததில்லை. தோட்டக்காட்டான் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது சுண்ணாகத்தில், அம்மம்மா வீட்டில். மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கென்று யாரோ தரகர் மூலம் கூட்டி வந்த ஒரு பிள்ளை, பதினொரு வயதிருக்கும், என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, வீட்டில் பாதி நேரம் யாரும் அதைச் சொல்லவில்லை. "அந்தத் தோட்டக்காட்டுப் பெட்டையைக் கூப்பிடு." குசினி மூலையில் அவளுக்கென்று ஒரு கோப்பை, ஒரு தட்டு. நான் பள்ளிக்கூடம் போகும்போது அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பாள். அப்படிப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்த வீடுகள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எத்தனையோ. கணக்குச் சேர் அந்தச் சொல்லை என் வாயிலிருந்து கேட்டபோது அந்தக் குசினியிலிருந்துதான் கேட்டிருக்கிறார், என் நல்ல மனசிலிருந்தல்ல. அவருடைய சின்னம்மா ஒருவர் அப்படி வேலைக்குப் போனவர் என்று பிறகு தெரிந்தது. இப்படித்தான் இருந்தது கணக்கு, எனக்கு அது ஒரு பகிடி, அவருக்கு அது ஒரு உறவுக்காரி.

இதே அறையில் புழங்கிய இன்னொரு சொல் கள்ளத்தோணி, களவாகக் கடல் கடந்து வந்தவன் என்று பொருள். யாராவது அடையாள அட்டையை வீட்டில் விட்டு வந்தால் "டேய் கள்ளத்தோணி, பொலிஸ் புடிச்சா நான் வரமாட்டேன்" என்பார்கள். இந்தப் பகிடிக்கு அடியில் கிடப்பதை நான் வந்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் அப்புறம் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களானார்கள், இங்கேயே பிறந்தவர்கள், இங்கே 1947 தேர்தலில் வாக்குப் போட்டவர்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று தலைகளைப் பங்கு பிரித்தார்கள், மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். கடைசி மிச்சத்துக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இல் எங்கள் பக்கத்துத் தமிழ் அரசியல்வாதிகளும் எல்லோரும் ஒன்றாக நிற்கவில்லை, அந்தப் பிளவிலிருந்துதான் 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. விஞ்ஞானச் சேரின் அப்பாவுக்கு நாற்பது வயது வரை எந்த நாட்டுக் கடுதாசியும் கையில் இருக்கவில்லை. ஆகவே அட்டையை மறந்தவனைப் பார்த்துக் கள்ளத்தோணி என்று சொல்லிச் சிரிக்கும்போது, அவர்கள் சிரிப்பது தங்களை அப்படிச் சொன்ன அதிகாரியைப் பார்த்து. அவன் சொல்லை அவன் குரலிலேயே பேசிக்காட்டி அவனைக் கோமாளியாக்குகிறார்கள். அதை நான் சொன்னால் பேசிக்காட்டுவதாக இருக்காது. அந்த அதிகாரியின் குரலில் நானே பேசுவதாகிவிடும்.

எனக்கு இது புரியாமல் இருந்திருக்க நியாயமில்லை என்பதுதான் வெட்கம். கொழும்பில் படித்த காலத்தில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கி ஏற்றிய பிறகு, நாங்கள் நாலு யாழ்ப்பாணப் பெடியன்கள் பின் சீட்டில் "தெமளாவுக்கு ஜன்னல் சீட் கேக்குதோ" என்று ஒருவரையொருவர் இடித்துச் சிரித்திருக்கிறோம். சிங்களத்தில் தெமள என்றால் தமிழ், அதில் பிழையில்லை. ஆளைச் சொல்லும்போது தெமளா என்று முடித்தால் மரியாதை போய்விடும், நம்முடைய ஆன் விகுதி மாதிரி. ஒருநாள் எங்களோடு நன்றாகப் பழகிய ஒரு சிங்களப் பெடியன், நல்லவன்தான், அதே பகிடியை அதே தொனியில் சொன்னான். பஸ் அமைதியானது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அவன் முகம் விழுந்ததும் நினைவிருக்கிறது. அந்த இடத்தில்தான் பத்து வருஷம் கழித்து ஹட்டன் தேத்தண்ணிக் கடையில் நான் நின்றேன்.

அதற்காகத் தோட்டத்துச் சொல் எதையும் வெளியாள் தொடக்கூடாது என்று பயந்து ஒதுங்கவும் வேண்டாம். நான் ஒருகாலம் அப்படியும் இருந்து பார்த்தேன், வாயைத் திறந்தால் சட்டப் புத்தகம் மாதிரி பேசினேன், அதுவும் அவர்களுக்குச் சங்கடம். தோட்டத்தில் கொழுந்து நிறை போதாவிட்டால் முழு நாள் சம்பளம் கிடையாது, அரைப்பேர்தான் போடுவார்கள். ஆசிரியர் அறையில் யாராவது அரை நாள் லீவில் கிளம்பினால் "இன்னைக்கு அரைப்பேர்" என்பார்கள். அதை நானும் சொல்வேன், இன்றும் சொல்கிறேன், யாருக்கும் முகம் மாறியதில்லை. அரைப்பேர் ஒரு நாளைப் பற்றிய சொல். மற்றது ஒரு பிறப்பைப் பற்றிய சொல். ஒரு சொல் நடந்ததைச் சொல்கிறதா, ஆளை இன்ன இனம் என்று முத்திரை குத்துகிறதா என்று பார்த்தாலே முக்கால்வாசி பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொன்றை முன்பே கவனித்திருக்க வேண்டும். அதிபர் அறைக்குள் வந்தால், வெளியிலிருந்து யாராவது வந்தால், அவர்கள் இருவரும் அந்தச் சொல்லை உடனே விட்டுவிடுவார்கள். மலையகம், மலையகப் பிள்ளைகள் என்று பேச்சு மாறும். இரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. ஒரு கூட்டம் தன் சொல்லை எந்தக் கதவோடு நிறுத்துகிறது என்று பார்த்தால் போதும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அவர்களே வெளியாளுக்கு முன்னால் சொல்லாத சொல்லை நான் வெளியாளுக்கு முன்னால் சொன்னேன்.

கதவுக்கு உள்ளேயும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஒரு தீபாவளிக்கு விஞ்ஞானச் சேர் வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பியை ஏதோ கேலி செய்யும்போது அந்தச் சொல் அவர் வாயில் வந்துவிட்டது. முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மா, விரல் நுனியெல்லாம் சாயம் ஏறிக் கறுத்துப்போனவர், முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "அந்தப் பேச்ச வாசலுக்கு வெளிய வச்சுட்டு வா. அதக் கேக்காம இருக்கத்தான் உன்னயப் படிக்க வச்சேன்." பெற்ற மகனுக்கே அனுமதி இல்லை. அப்படியிருக்க, "நீங்க நம்ம ஆளு சேர், நீங்க சொல்லலாம்" என்று ஒரு நண்பர் சொன்னால், அது அவர் ஒருவர் தருகிற அனுமதி. அவருடைய அம்மாவுக்காகவோ, பக்கத்து மேசைக்காரருக்காகவோ அவர் கையெழுத்துப் போட முடியாது. எனக்கும் பிறகு அப்படி ஒருமுறை சொன்னார்கள். சிரித்துக்கொண்டேன், எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது மன்னிப்பு கிட்டத்தட்ட நாலு மாதம் கழித்து. இந்த முறை பகிடி, நோக்கம், நீங்களும்தானே எதுவும் இல்லை. "அண்டைக்குக் கடையிலை நான் சொன்னது பிழை சேர். அவனுக்கும் சொல்லிப்போட்டன்." அவ்வளவுதான். கணக்குச் சேர் தலையை ஆட்டிவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தத் தொடங்கினார். உண்மையில் நண்பனுக்கு அதற்கு முந்தின வாரம்தான் சொன்னேன். அவன் போனில் "உன்ரை தோட்டக்காட்டான் எப்பிடி இருக்கிறார்" என்று கேட்டான். எனக்குக் காது சுட்டது, அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுத்ததே நான்தானே. அவருக்குப் பெயர் இருக்கிறது என்று பெயரைச் சொன்னேன். அவன் "சரி சரி, பெரிய ஆள்" என்றான். எங்களுக்குள் கொஞ்ச நாள் பேச்சுக் குறைந்தது, பரவாயில்லை. நமக்கு உரிமையில்லாத சொல்லை நாம் சொல்லிவிட்டால் அது நம்மோடு நிற்காது, நம்மைக் கேட்டவன் எடுத்துக்கொண்டு போவான், அதைத் திரும்ப வாங்குவதும் நம் வேலைதான்.

மக்களை என்ன பெயரில் சொல்வது என்று கேட்பவர்களுக்கு: மலையகத் தமிழர். 60களில் இருந்து இங்குள்ள இளைஞர்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் பாடுபட்டு நிலைநாட்டிய பெயர் அது. அரசாங்கப் பத்திரங்களில் நெடுங்காலம் இந்தியத் தமிழர் என்றே இருந்தது, வயதான சிலர் தங்களை இன்னும் அப்படிச் சொல்வார்கள், அவர்களைத் திருத்தப் போகாதீர்கள். தோட்டத் தொழிலாளர் என்பது தொழிலின் பெயர். என் வகுப்பில் இருக்கிற பிள்ளையின் தகப்பன் ஓட்டோ ஓட்டுகிறார், தாய் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில், அவர்களை எப்படித் தொழிலாளர் கணக்கில் எழுதுவது? ஒருவர் இந்தச் சொல்லால் அவமானப்பட்டதை முறையிட வேண்டி வந்தாலும் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லாதீர்கள். ஒரு மாணவன் விளையாட்டுப் போட்டியில் அப்படிப் பட்டபோது, நடந்ததை விசாரித்த கூட்டத்தில் ஆளாளுக்கு அந்தச் சொல்லை எடுத்துச் சொன்னதில் அவன் அதை ஒரு தடவைக்குப் பதில் பதினைந்து தடவை கேட்டான். அறிக்கையில் ஒருமுறை எழுதினால் போதும், மற்ற இடத்தில் "அந்தச் சொல்" என்றாலே எல்லோருக்கும் விளங்கும். இந்தக் கட்டுரையில் நான் இத்தனை தடவை எழுதியிருக்கிறேனே என்றால், அதுவும் எனக்கு உறுத்தாமல் இல்லை.

விஞ்ஞானச் சேர் அடுத்த தைப்பொங்கலுக்குள் பழையபடி ஆகிவிட்டார். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒடியல் மாவைப் பார்த்து "பனங்கொட்டை வந்துட்டாருடா" என்று அறையே கேட்கக் கத்தினார். கணக்குச் சேர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கூழ் காய்ச்ச என்னென்ன போட வேண்டும் என்று விசாரித்து, ஒரு பொட்டலம் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"தேங்ஸ் சேர்" என்றார்.